எண்கோட்டில் வெற்று வட்டம், நிரப்பிய வட்டம்: அசமன்பாட்டின் தீர்வை வரைய முழு வழிகாட்டி

x + 2 = 5 என்று கொடுத்தால் விடை 3, ஒரே எண். எண்கோட்டில் 3 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். நடுவில் இருக்கும் சமக் குறியை எடுத்துவிட்டு x + 2 > 5 என்று மாற்றிப் பாருங்கள். இப்போது 4 ஒரு விடை, 10 ஒரு விடை, 3.5 ஒரு விடை, 3.0001 கூட விடைதான். 3-ஐ விடப் பெரிய எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும், அத்தனை எண்களையும் பட்டியல் போட ஆயுள் போதாது. இப்படிச் சரியாக வரும் எல்லா எண்களையும் சேர்த்துத்தான் தீர்வுக் கணம் என்கிறோம். பட்டியல் போட முடியாத இதை ஒரு வட்டமும் ஒரு தடித்த கோடும் வைத்து வரைந்துவிடலாம்.

```
<--+---+---+---○===+===+==>
   0   1   2   3   4   5
```

இது x > 3-இன் படம். இதில் இரண்டு செய்திகள்தான் இருக்கின்றன. தடித்த கோடு, விடைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சொல்கிறது. வட்டம், எல்லையாக நிற்கும் 3 விடையில் சேருமா சேராதா என்று சொல்கிறது. வெற்று வட்டம் என்றால் சேராது, நிரப்பிய வட்டம் என்றால் சேரும். < அல்லது > இருந்தால் பெரும்பாலும் வெற்று வட்டம், ≤ அல்லது ≥ இருந்தால் பெரும்பாலும் நிரப்பிய வட்டம். "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்பது கடைசிப் பகுதியில் வரும்.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். குறியைப் பார்த்த உடனே கை வட்டத்தையும் கோட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறது, அதில் ஒன்று தப்பாகிறது. எல்லை எண் சேருமா என்பது ஒரு கேள்வி, எந்தப் பக்கம் என்பது வேறொரு கேள்வி. தனித்தனியாகக் கேளுங்கள், தனித்தனியாகச் சரிபாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் செய்யப் போகிறோம்.

3-க்கு அடுத்த எண் எது?

வரையத் தொடங்கும் முன் இந்த ஒரு விஷயம் நன்றாகப் பிடிபட வேண்டும், இல்லையென்றால் வெற்று வட்டம் வெறும் மனப்பாட விதியாகவே நின்றுவிடும்.

x > 3-ஐ வரையச் சொன்னால் நிறையப் பேர் 4-இல் நிரப்பிய வட்டம் போட்டு அங்கிருந்து வலப்பக்கம் கோடு இழுப்பார்கள். "3 சேராது, அப்படியானால் அடுத்த எண்ணிலிருந்து தொடங்கணும், அது 4" என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 3.5-உம் 3-ஐ விடப் பெரியதுதானே, அது படத்தில் விட்டுப்போய்விட்டது. சரி, 3.1-இலிருந்து தொடங்கலாமா? 3.05 விட்டுப்போகும். 3.01? 3.005 விட்டுப்போகும். 3-ஐ விடப் பெரிய எந்த எண்ணை நீங்கள் எடுத்தாலும் சரி, அதையும் 3-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண் இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும், அதாவது அது 3-ஐ விடப் பெரியது, நீங்கள் எடுத்த எண்ணை விடச் சிறியது. ஆகவே 3-க்கு "அடுத்த" மெய்யெண் என்று ஒன்று கிடையவே கிடையாது. விடைக் கூட்டத்துக்கு முதல் ஆளே இல்லை.

முதல் ஆளே இல்லாத கூட்டத்தை எங்கிருந்து வரையத் தொடங்குவது? அதற்காகத்தான் வெற்று வட்டம். எல்லை துல்லியமாக 3-இல்தான் இருக்கிறது, 3-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் 3 மட்டும் கிடையாது என்று அது சொல்கிறது. இதனால் கை வேலையில் ஒரு விதி வருகிறது: தடித்த கோடு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுத்தான் தொடங்க வேண்டும். 3 சேராதே என்று கொஞ்சம் இடம் விட்டு 3.2 பக்கத்திலிருந்து கோடு போட்டால், 3.1 விடையில்லை என்று உங்கள் படம் சொல்லும். அது பொய்.

x ≥ 3 என்று இருந்தால் கூட்டத்துக்கு முதல் ஆள் உண்டு, அது 3. வட்டத்தை நிரப்பிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். x > 3-க்கும் x ≥ 3-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு எண்தான். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இரண்டு வகை வட்டங்கள்.

தாளில் வரையும் முறை

அளவுகோலை வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள், இரண்டு முனைகளிலும் அம்புக்குறி. 1 செ.மீ.க்கு ஒரு சிறு குறுக்குக் கோடு போட்டு எண்களை எழுதுங்கள். எல்லா எண்களும் வேண்டாம்: எல்லை எண், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று எண்கள், முடிந்தால் 0, இவ்வளவு போதும். எல்லை 250 போன்ற பெரிய எண்ணாக இருந்தால் ஒரு குறுக்குக் கோட்டுக்கு 50 என்று அளவை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றிய அளவு கோடு முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அப்புறம் முதலில் வட்டம், பிறகு தடித்த கோடு. இந்த வரிசை முக்கியம். கோட்டை முதலில் இழுத்துவிட்டு அதன் மேல் வெற்று வட்டம் போட்டால் உள்ளே பென்சில் தடம் தெரியும், திருத்துகிறவருக்கு அது நிரப்பியதா வெற்றா என்று குழப்பம் வரும். வட்டத்தின் மையம் சரியாக எண்ணின் மேல் இருக்கட்டும், 3 மி.மீ. அகலம் இருந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வெற்று வட்டம் என்றால் உள்ளே இருக்கும் எண்கோட்டுத் துண்டை அழித்துவிடுங்கள். நிரப்பிய வட்டம் என்றால் முழுக்கக் கருப்பாக்குங்கள், அரைகுறை நிழல் வேண்டாம். தடித்த கோடு முடிவில்லாமல் போனால் அதன் முனையில் அம்புக்குறி வைக்க வேண்டும். முடிவிலியில் வட்டம் ஒருபோதும் வராது, ஏனென்றால் அங்கே நிற்க எண் எதுவும் இல்லை.

ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம்: 7 − 2x ≤ 12

வேண்டுமென்றேதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். மைனஸ் குறி, பின்னம், குறி திரும்புவது என்று தப்பு நடக்கக்கூடிய மூன்று இடங்களும் இதில் இருக்கின்றன.

முதலில் இரண்டு பக்கமும் 7-ஐக் கழிக்கிறோம்: −2x ≤ 5. கூட்டுவதும் கழிப்பதும் குறியைத் தொடாது. அடுத்து இரண்டு பக்கமும் −2 ஆல் வகுக்கிறோம். குறை எண்ணால் வகுப்பதால் குறி திரும்பும்: x ≥ −5/2, அதாவது x ≥ −2.5.

வரையும் முன் இரண்டு கேள்விகளையும் மூலக் கணக்கிலேயே கேட்டுவிடலாம். நீங்கள் தீர்த்த கடைசி வரியில் போட்டுப் பார்த்துப் பயனில்லை, நடுவில் தப்பு நடந்திருந்தால் கடைசி வரியும் தப்பாகத்தானே இருக்கும்.

முதல் கேள்வி, −2.5 சேருமா? 7 − 2 × (−2.5) = 7 + 5 = 12. 12 ≤ 12 உண்மையா? உண்மை. ஆகவே நிரப்பிய வட்டம். இந்தச் சோதனையில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. எல்லை எண்ணைப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். இங்கே 12-உம் 12-உம் வந்தது, ஆகவே −2.5 என்ற எல்லை சரி. 11-உம் 12-உம் என்று வந்திருந்தால் எங்கேயோ கூட்டல் கழித்தல் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, எந்தப் பக்கம்? எல்லைக்கு வலப்பக்கம் ஓர் எண்ணை எடுங்கள், 0 எப்போதும் சுலபம். 7 − 0 = 7, 7 ≤ 12 உண்மை. இடப்பக்கம் −3-ஐப் போடுங்கள்: 7 + 6 = 13, 13 ≤ 12 பொய். ஆகவே விடைகள் வலப்பக்கம்.

```
<--+---+-●=+===+===+===+==>
  -4  -3  -2  -1   0   1
```

வட்டம் −3-க்கும் −2-க்கும் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். 2.5-ஐ 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்துப் பழகிய கை, −2.5-ஐ −2-இலிருந்து அரை வலப்பக்கம் நகர்த்தி −2-க்கும் −1-க்கும் நடுவில் வைத்துவிடும். அது −1.5-இன் இடம். குறை எண்களில் அளவு கூடக் கூட இடப்பக்கம் போகும், ஆகவே −2-ஐத் தாண்டி அரை இடப்பக்கம் போக வேண்டும். −3, −2 இரண்டையும் முதலில் எழுதிவிட்டு, −2.5 இவை இரண்டுக்கும் நடுவில் என்று பார்த்து வைப்பதே பத்திரமான வழி.

குறி ஏன் திரும்புகிறது

"குறை எண்ணால் பெருக்கினால், வகுத்தால் குறியைத் திருப்பு" என்ற விதியை எண்கோட்டிலேயே பார்த்துவிடலாம். 2 < 5, அதாவது 5 வலப்பக்கம் இருக்கிறது. இரண்டோடும் 3 கூட்டினால் 5, 8 ஆகின்றன. இரண்டும் ஒரே தூரம் நகர்ந்தன, யார் இடம், யார் வலம் என்பது மாறவில்லை. இப்போது 2-ஐயும் 5-ஐயும் −1 ஆல் பெருக்குங்கள்: −2, −5. எண்கோடே 0-வை மையமாக வைத்து அரைச் சுற்று சுற்றிவிட்டது. வலக்கோடியில் இருந்த 5 இடக்கோடிக்குப் போய்விட்டது. இடம் வலம் மாறியதால்தான் −2 > −5 என்று எழுத வேண்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, சுற்றும்போது திசை மட்டும்தான் மாறுகிறது, வட்டம் மாறுவதில்லை. ≤ திரும்பினால் ≥ ஆகும், அதில் இருக்கும் "சமம்" போய்விடாது. திருப்பும் அவசரத்தில் ≤-ஐ > என்று எழுதி, நிரப்ப வேண்டிய வட்டத்தை வெற்றாக விடுவது அடிக்கடி பார்க்கிற தப்பு.

அதே மாதிரி, மைனஸைப் பார்த்தாலே குறியைத் திருப்புகிறவர்களும் உண்டு. 2x < −6-இல் நாம் வகுப்பது 2 ஆல், அது மிகை எண். எதிர்ப்பக்கம் −6 இருப்பதற்கும் குறி திரும்புவதற்கும் சம்பந்தமே இல்லை. விடை x < −3.

திருப்புவதே பயமாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. 7 − 2x ≤ 12-இல் இரண்டு பக்கமும் 2x-ஐக் கூட்டுங்கள்: 7 ≤ 12 + 2x. 12-ஐக் கழித்தால் −5 ≤ 2x, 2 ஆல் வகுத்தால் −2.5 ≤ x. எதையும் திருப்பவில்லை, விடை அதேதான். ஆனால் இங்கே ஒரு பொறி. குறியின் கூர்முனை இடப்பக்கம் காட்டுகிறது என்பதால் கோட்டையும் இடப்பக்கம் இழுத்துவிடக் கூடாது. கூர்முனை காட்டும் திசையில் கோடு போகும் என்ற குறுக்குவழி, x இடப்பக்கம் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். ஆகவே −2.5 ≤ x என்று வந்தால் முதலில் x ≥ −2.5 என்று திருப்பி எழுதிக்கொண்டு பிறகு வரையுங்கள். திருப்பி எழுதும்போது எண்ணும் x-உம் இடம் மாறும், குறியின் வாய் மட்டும் எப்போதும் பெரியவரைப் பார்த்தபடியே இருக்கும்.

இரண்டு எல்லைகள்: ரயில் டிக்கெட்டில் வயது

இந்திய ரயில்வேயில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் எடுக்க வேண்டாம். 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் அரை டிக்கெட். 12 நிறைந்துவிட்டால் முழு டிக்கெட். பெர்த் கேட்காத பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம், வயதை x என்போம்.

அரை டிக்கெட்டுக்கு x எங்கெங்கே இருக்கலாம்? 5-ஆவது பிறந்தநாள் அன்றே 5 வயது நிறைந்துவிட்டது, ஆகவே 5 சேரும். 12-ஆவது பிறந்தநாள் அன்று முழு டிக்கெட்டுக்குப் போய்விட்டார், ஆகவே 12 சேராது. 5 ≤ x < 12.

```
<--+-+-+-+-+-●=+=+=+=+=+=+=○-+-+-->
   0         5             12
```

இங்கே கோட்டுக்கு அம்புக்குறி கிடையாது, இரண்டு பக்கமும் வட்டத்தில் முடிந்துவிடுகிறது. 11 வயது 11 மாதம் ஆன பிள்ளை இதற்குள் வருமா? வரும், அந்த வயது கிட்டத்தட்ட 11.92, அது 12-ஐ விடக் குறைவு. "11 வயது வரை" என்று நினைத்து 11-இல் நிரப்பிய வட்டம் போட்டு நிறுத்தினால், 11-ஆவது பிறந்தநாள் கழிந்த அத்தனை பிள்ளைகளும் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள்.

இலவசத்துக்கான படம் 0 ≤ x < 5, முழு டிக்கெட்டுக்கான படம் x ≥ 12. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து பாருங்கள். 5 என்ற எண் இலவசப் படத்தில் வெற்று வட்டம், அரை டிக்கெட் படத்தில் நிரப்பிய வட்டம். 12 என்ற எண் அரை டிக்கெட் படத்தில் வெற்று, முழு டிக்கெட் படத்தில் நிரப்பியது. இரண்டு படங்களிலும் 5-ஐ நிரப்பியிருந்தால் 5-ஆவது பிறந்தநாளில் பயணம் செய்யும் குழந்தை இலவசமா அரையா என்று சண்டை வரும். இரண்டிலும் வெற்றாக விட்டால் அந்தக் குழந்தைக்கு விதியே இல்லை. ஒரே எண்ணில் ஒரு பக்கம் வெற்று, மறுபக்கம் நிரப்பியது என்று இருப்பதால்தான் ஒவ்வொரு வயதும் சரியாக ஒரு விதிக்குள் விழுகிறது. வார்த்தையில் வரும் எந்தக் கணக்குக்கும் இப்படி எல்லை எண்ணையே ஓர் ஆளாக வைத்துக் கேட்டுப் பாருங்கள், "இவர் உள்ளேயா வெளியேயா?" என்று. குறைந்தது, அதிகபட்சம், மிகாமல், முதல் என்று வந்தால் எல்லை உள்ளே. விடக் குறைவு, விட அதிகம், நிறையாத என்று வந்தால் எல்லை வெளியே.

இரட்டை எல்லைக் கணக்கைத் தீர்ப்பதும் சுலபம்தான். −1 ≤ 2x + 3 < 9 என்று கொடுத்தால் மூன்று பகுதிகளுக்கும் ஒரே வேலையைச் செய்யுங்கள். 3-ஐக் கழித்தால் −4 ≤ 2x < 6, 2 ஆல் வகுத்தால் −2 ≤ x < 3. −2-இல் நிரப்பிய வட்டம், 3-இல் வெற்று வட்டம், நடுவில் தடித்த கோடு.

இதற்கு நேர்மாறாக, விடை இரண்டு துண்டாகவும் வரலாம். x < −1 அல்லது x ≥ 2 என்றால் நடுவில் இருப்பது வெளியே, இரண்டு ஓரங்களும் உள்ளே.

```
<==+===+===○---+---+---●===+===+==>
  -3  -2  -1   0   1   2   3   4
```

இதைச் சுருக்கி 2 ≤ x < −1 என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் 2 என்பது −1-ஐ விடச் சிறியது என்று ஆகிறது. சங்கிலியாக எழுதுவது, ஒரே x இரண்டு நிபந்தனைகளுக்கும் கட்டுப்படும்போது மட்டும்தான்.

இரண்டு நிபந்தனைகள் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டால், எண்கோட்டுக்கு மேலே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தடித்த கோடுகளை வரைந்துகொள்ளுங்கள். "மற்றும்" என்று இருந்தால் இரண்டு கோடுகளும் மூடும் பகுதியை மட்டும் கீழே இறக்குங்கள். "அல்லது" என்று இருந்தால் ஏதாவது ஒன்று மூடினாலே போதும். ஒரே எண்ணில் ஒரு நிபந்தனைக்கு வெற்று வட்டமும் இன்னொன்றுக்கு நிரப்பிய வட்டமும் வந்தால் என்ன செய்வது? x ≥ 4 மற்றும் x > 4 என்று வைத்துக்கொள்வோம். 4 முதல் நிபந்தனையில் தேறுகிறது, இரண்டாவதில் தேறவில்லை. இரண்டும் வேண்டும் என்பதால் 4 வெளியே, வெற்று வட்டம். "அல்லது" என்றால் ஒன்றில் தேறினாலே போதும் என்பதால் 4 உள்ளே, நிரப்பிய வட்டம்.

x எந்த வகை எண் என்று பாருங்கள்

இதுவரை x ஒரு மெய்யெண் என்று வைத்துக்கொண்டோம், அதனால்தான் தொடர்ச்சியான தடித்த கோடு வந்தது. கேள்வியில் "x ஒரு முழு" என்றோ "x ஒரு இயல் எண்" என்றோ ஒரு சின்னத் தொடர் ஒளிந்திருந்தால் படமே மாறிவிடும். அதே 7 − 2x ≤ 12-ஐ முழுக்களில் தீர்க்கச் சொன்னால், x ≥ −2.5 என்பது வரை வேலை ஒன்றுதான். ஆனால் −2.5 ஒரு முழு இல்லை, −2.3-உம் இல்லை. உள்ளே வருவது −2, −1, 0, 1 என்று போகும் எண்கள் மட்டும்.

```
<--+---+---●---●---●---●-->
  -4  -3  -2  -1   0   1   ...
```

நடுவில் தடித்த கோடு இல்லை, வெறும் புள்ளிகள்தான். வலப்பக்கம் தொடர்ந்து போகிறது என்று காட்ட மூன்று சிறு புள்ளிகள். இந்தப் படத்தில் வெற்று வட்டத்துக்கு வேலையே இல்லை, ஏனென்றால் முழுக்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண் உண்டு, கூட்டத்துக்கு முதல் ஆளைத் தயங்காமல் காட்டிவிடலாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு பாடத்தில் தேற 100-க்கு 35 வேண்டும். மதிப்பெண் முழு எண்ணாகத்தான் வரும் என்பதால் "34-ஐ விட அதிகம்" என்பதும் "குறைந்தது 35" என்பதும் ஒரே படம்: 35 முதல் 100 வரை தனித்தனிப் புள்ளிகள். மெய்யெண்களில் x > 34-உம் x ≥ 35-உம் ஒன்றாகவே ஆகாது, 34.5 ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே.

4-இல் நிரப்பிய வட்டம் போட்டு x > 3-ஐ வரைகிற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். முழுக்களுக்குப் பொருந்தும் யோசனையை மெய்யெண்களுக்கும் கொண்டுபோவதால்தான்.

வட்டமே வராத இடங்கள், குறியை நம்ப முடியாத இடம்

சில கணக்குகளில் தீர்க்கும்போது x காணாமலே போய்விடும். 2x + 1 > 2x − 3-இல் 2x-ஐ இரண்டு பக்கமும் கழித்தால் 1 > −3 என்று நிற்கும். இது எப்போதும் உண்மை, ஆகவே எந்த x-உம் விடைதான். எண்கோடு முழுவதையும் தடிமனாக்குங்கள், வட்டம் வேண்டாம். மாறாக 2x + 1 < 2x − 3 என்று இருந்தால் 1 < −3 என்று வரும், அது எப்போதும் பொய். எண்கோட்டை வெறுமையாக விட்டுவிட்டு "தீர்வு இல்லை" என்று பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வரைய மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். x ≠ 3 என்று வந்தால் 3-இல் ஒரு வெற்று வட்டம், இரண்டு பக்கமும் தடித்த கோடு.

இனி "பெரும்பாலும்" என்று சொன்ன விஷயம். 6/x ≥ 2 என்ற கணக்கைப் பாருங்கள். இதில் x கீழே இருக்கிறது. இரண்டு பக்கமும் x ஆல் பெருக்கலாமே என்று தோன்றும், ஆனால் x குறை எண்ணாக இருந்தால் குறி திரும்பும், மிகை எண்ணாக இருந்தால் திரும்பாது, அது எதுவென்று இன்னும் நமக்குத் தெரியாது. ஆகவே எண்களைப் போட்டே பார்ப்போம். x குறை எண் என்றால் 6/x-உம் குறை எண், அது 2-ஐ எட்டவே எட்டாது. −1-ஐப் போட்டால் −6. இடப்பக்கம் முழுக்க அவுட். x = 1 என்றால் 6, உள்ளே. x = 3 என்றால் சரியாக 2, 2 ≥ 2 உண்மை, ஆகவே 3-இல் நிரப்பிய வட்டம். x = 4 என்றால் 1.5, வெளியே.

இடப்பக்க எல்லை 0. கணக்கில் இருப்பது ≥, ஆகவே இங்கேயும் நிரப்ப வேண்டும் என்று கை போகும். ஆனால் 0-வைப் போட்டுப் பாருங்கள், 6-ஐ 0 ஆல் வகுக்க முடியாது. 2-ஐ விடப் பெரியதா சிறியதா என்று கேட்கும் அளவுக்குக்கூட விடை வரவில்லை. 0.1-ஐப் போட்டால் 60, 0.01-ஐப் போட்டால் 600, இவை எல்லாம் உள்ளே. 0 மட்டும் வெளியே, ஆகவே வெற்று வட்டம்.

```
<--+---○===+===+===●---+-->
  -1   0   1   2   3   4
```

விடை 0 < x ≤ 3. கணக்கில் ஒரே ஒரு ≥ குறிதான் இருந்தது, ஆனால் படத்தில் ஒரு வெற்று வட்டமும் ஒரு நிரப்பிய வட்டமும் வந்திருக்கின்றன. இதுபோலக் கீழே x இருக்கும் கணக்குகளில், கீழ்ப்பகுதியை 0 ஆக்கும் எண்ணை முதலிலேயே கண்டுபிடித்து அங்கே வெற்று வட்டத்தைப் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் மற்ற எல்லைகளைத் தேடுங்கள்.